காற்றுக்கு வழிவிடும் உடை

தலவாக்கலையில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு, ஊரில் இருக்கும்வரை, வெப்பம் ஒரு பெரிய பிரச்சினையன்று. தேயிலை ஆராய்ச்சி நிலையம் அமைந்துள்ள சென் கூம்ஸ் தோட்டம் கடல் மட்டத்திலிருந்து 1,382 மீற்றர் உயரத்தில் இருக்கின்றது. மேலே ஏற ஏற, ஒவ்வொரு 1,000 மீற்றருக்கும் காற்றின் வெப்பம் ஏறக்குறைய 6 பாகை குறைந்துகொண்டே போகும். கொழும்பிலே நண்பகலில் 31 பாகை செல்சியஸ் வெப்பம் இருக்கும்போது, நம்முடைய மலைச்சரிவிலே 22 அல்லது 23 பாகைதான் இருக்கும். அதிகாலையிலும் மாலையிலும் கம்பளிச் சட்டை இல்லாமல் வெளியே போக முடியாது.

இப்படிப்பட்ட ஊரிலிருந்து ஆசிரியைகளாகவும் எழுதுவினைஞர்களாகவும் வங்கிகளிலும் கடைகளிலும் வேலை பார்ப்பவர்களாகவும் ஆண்டுதோறும் எத்தனையோ பெண்கள் கொழும்புக்கும் நீர்கொழும்புக்கும் இறங்கிச் செல்கிறார்கள். பெட்டியில் அவர்கள் எடுத்துச் செல்லும் உடைகள் மலைக்கென்று தைக்கப்பட்டவை. மூடுபனியிலும் விரைவில் உலரும் என்பதற்காக வாங்கிய நைலோன் அல்லது பொலியெஸ்டர் சேலை, குளிருக்கு இதமாக முழு உள்துணி வைத்துத் தைத்த இறுக்கமான ரவிக்கை, கனத்த உட்பாவாடை. மலையில் நன்மை செய்த இதே உடை, கீழே இறங்கிய மூன்றாம் நாளே முதுகிலும் இடுப்பிலும் வேர்க்குருவாகப் பூத்துவிடுகின்றது. பிற்பகலில் தலைசுற்றுகின்றது. வேலைக்குப் புதியவளாயிற்றே என்று அந்தப் பெண் அதை வெளியில் சொல்வதுமில்லை.

உடம்பைக் குறைவாக மூடிக்கொள்ளலாம் என்பது ஒரு வழி. அதை அவளும் விரும்புவதில்லை. வேலைத்தலமும் பல வேளைகளில் ஏற்பதில்லை. இந்நாட்டில் அரசாங்க அலுவலர் பொருத்தமான எளிய உடையில் பணிக்கு வரலாம் என்று 2022ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில் ஒரு சுற்றறிக்கை வெளிவந்தது. ஆனால் அதே ஆண்டு நவம்பரில் சில ஆசிரியைகள் சேலையல்லாத உடையில் பாடசாலைக்கு வந்தபோது, நாடெங்கும் அது பெரிய விவாதமாயிற்று. ஆகவே சேலை உடுத்தே தீரவேண்டிய பெண்கள் பலர் இருக்கிறார்கள். உடம்பை முழுவதும் மூடியிருக்கவேண்டும், பார்ப்பதற்கு ஒழுங்காகவும் இருக்கவேண்டும், வெப்பமும் தாக்கக்கூடாது. இம்மூன்றும் ஒருங்கே கூடுமா என்பதுதான் கேள்வி. கூடும். அதற்கு, வெப்பம் நம் உடம்பை விட்டு எப்படி வெளியேறுகின்றது என்பதை முதலில் தெரிந்துகொள்ளவேண்டும்.

நாற்காலியில் அமைதியாக உட்கார்ந்திருக்கும் ஒருவருடைய உடம்பு, எரிந்துகொண்டிருக்கும் ஒரு 100 வாட் மின்குமிழைப்போல, இடைவிடாமல் வெப்பத்தை உண்டாக்கிக்கொண்டே இருக்கின்றது. அந்த வெப்பம் வெளியேறும் வழிகளில் இரண்டு உடையைப் பொறுத்தவரை முக்கியமானவை. தோலைத் தொட்டுச் செல்லும் காற்று அதில் ஒரு பகுதியைச் சுமந்து செல்லும். வியர்வை ஆவியாகும்போது மற்றொரு பகுதியைக் கொண்டுபோகும். வியர்வை வழிவதால் மட்டும் உடம்பு குளிர்வதில்லை. அது ஆவியாகிப் பறந்தால்தான் குளிரும். துணிக்குள் வழிந்து தேங்கும் வியர்வை நம்மை நனைக்குமேயன்றிக் குளிர்விக்காது.

பாலைவனத்தில் வாழும் மக்கள் கழுத்திலிருந்து கணுக்கால்வரை மூடிய நீண்ட அங்கியை, அதிலும் கறுப்பு நிற அங்கியை, அணிகிறார்கள். கறுப்புத் துணி வெயிலை மிகுதியாக உறிஞ்சும் என்பது சிறுபிள்ளைகளுக்கும் தெரியும். பிறகு ஏன் அதை அணிகிறார்கள்? நெகேவ் பாலைவனத்தில் இதைச் சோதித்துப் பார்த்த ஆராய்ச்சியாளர்கள் 1980ஆம் ஆண்டில் 'நேச்சர்' என்னும் அறிவியல் சஞ்சிகையில் தங்கள் முடிவை வெளியிட்டார்கள். கறுப்பு அங்கியின் வெளிப்புறம் வெள்ளை அங்கியைவிட மிகவும் சூடேறியது உண்மையே. ஆனால் அணிந்திருந்தவருடைய தோலை வந்தடைந்த வெப்பம் இரண்டிலும் ஒரே அளவாக இருந்தது. காரணம், அங்கிக்கும் உடம்புக்கும் நடுவே இருந்த அகன்ற இடைவெளி. அந்த இடைவெளியில் ஓடிய காற்று, மிகையான வெப்பத்தைத் தோலுக்கு எட்டவிடாமல் வாரிக்கொண்டு போய்விட்டது. நிறம் செய்த தீமையைத் தளர்ச்சி நீக்கிவிட்டது என்று சுருக்கமாகச் சொல்லலாம்.

கொழும்பு பாலைவனமன்று. அங்கே காற்றில் ஈரம் மிகுதி. வியர்வை எளிதில் ஆவியாவதில்லை. ஆனால் நமக்குச் சாதகமான ஒரு செய்தியும் உண்டு. நம்முடைய தோலின் வெப்பம் ஏறக்குறைய 34 பாகை. கொழும்பின் காற்று பெரும்பாலும் 31 பாகைக்கு மேல் போவதில்லை. பாலைவனக் காற்றுத் தோலைவிடச் சூடானது; கொழும்புக் காற்றோ தோலைவிடச் சற்றுக் குளிர்ந்தது. எனவே அது அசைந்துகொண்டிருந்தால் போதும். வெப்பத்தையும் எடுத்துச் செல்லும், ஈரத்தையும் எடுத்துச் செல்லும். அது அசையாமல் துணிக்குள் அடைபட்டால்தான் புழுக்கம். ஆதலால் ஈரநாட்டு உடைக்கு மூன்று தேவைகள்: கீழே காற்று நுழைய ஒரு வாய், மேலே அது வெளியேற ஒரு வாய், இரண்டுக்கும் நடுவே உடம்பை ஒட்டாத ஓர் இடைவெளி. அடுப்பின் புகைபோக்கி வேலை செய்வதும் இந்த முறையிலேதான்.

இந்த அளவுகோலைக் கொண்டு சேலையைப் பார்ப்போம். ஐந்தரை மீற்றர் துணியைத் தைக்காமல் சுற்றிக்கொள்வதால், சேலை தளர்ந்த உடை என்றே நாம் எண்ணுகிறோம். உண்மையில் அது இரண்டு இடங்களில் முற்றாக அடைபட்ட உடை. உட்பாவாடையின் நாடா இடுப்பை இறுக்கிக் கட்டுகின்றது. அதே இடத்தில் சேலையின் சுற்றும் கொசுவமும் வந்து செருகப்படுகின்றன. கீழிருந்து நுழையும் காற்று இடுப்போடு நின்றுவிடும். இனி ரவிக்கை. அதன் கீழ்ப்பட்டி மார்புக்குக் கீழே இறுகப் பிடிக்கின்றது. கை மேற்புயத்தைக் கவ்விப் பிடிக்கின்றது. உள்துணி அதை இரட்டைச் சுவராக்குகின்றது. வேர்க்குரு இடுப்பிலும் அக்குளிலும் முதுகிலுமே முதலில் தோன்றுவதற்குக் காரணம் இதுதான். ஆகவே திருத்தவேண்டியது சேலையையன்று. அதற்குள்ளே இருக்கும் இரண்டு தையல் உடைகளை.

ரவிக்கையை முதலில் எடுத்துக்கொள்வோம். மார்புச் சுற்றளவு 34 அங்குலம் உள்ள ஒரு பெண்ணை உதாரணமாக வைத்துக்கொள்வோம். சாதாரணமாகத் தையற்காரர் அவளுக்கு 35 அங்குலத்தில் வெட்டுவார். வெப்பநாட்டுக்கு அதை முப்பத்தாறரை அங்குலமாக வெட்டச் சொல்லவேண்டும். மேற்புயத்தின் சுற்றளவு 11 அங்குலமானால், கையின் வாய் 13 அங்குலம் இருக்கவேண்டும். கை முழங்கைவரை நீண்டிருக்கட்டும், அதனால் கேடில்லை. நீளமான கை வெயிலைத் தடுக்கும். அகன்ற வாய் காற்றை விடும். ஆனால் தோளின் அகலத்தை மட்டும் ஓர் இழையளவும் கூட்டவேண்டாம். தோளில் தையல் சரியான இடத்தில் நின்றால், கீழே எவ்வளவு தளர்ச்சி இருந்தாலும் பார்ப்பவர் கண்ணுக்கு அது அளவெடுத்துத் தைத்த உடையாகவே தோன்றும். தோள் நழுவினாலோ, முழு உடையும் இரவல் வாங்கியதுபோலத் தோன்றிவிடும்.

அக்குளைப் பற்றி ஒரு தவறான எண்ணம் பரவியிருக்கின்றது. அங்கே காற்றோட்டம் வேண்டுமென்று கைக்குழியை ஆழமாக வெட்டச் சொல்லுகிறார்கள். ஆழமாக வெட்டினால், கையைத் தூக்கும்போதெல்லாம் ரவிக்கை முழுவதும் மேலே இழுபடும்; கரும்பலகையில் எழுதும் ஆசிரியைக்கு இது பெரிய சங்கடம். கைக்குழியை உயரமாகவே விட்டு, அக்குளில் 3 அங்குலச் சதுரத் துண்டு ஒன்றைச் சாய்வாக வைத்துத் தைக்கச் சொல்லுங்கள். கை தாராளமாக அசையும். ரவிக்கையும் இடம் பெயராது. சரியாக வந்திருக்கின்றதா என்று அறிய, அணிந்துகொண்டு இரண்டு கைகளையும் தலைக்கு மேல் உயர்த்திப் பாருங்கள். கீழ்விளிம்பு ஓர் அங்குலத்துக்கு மேல் ஏறினால், தையற்காரரிடம் திருப்பிக் கொடுக்கவேண்டியதுதான்.

இடை வெளியே தெரியக்கூடாது என்று விரும்புவோர் ரவிக்கையை இடுப்புவரை நீட்டித் தைப்பது வழக்கம். அப்படி நீட்டும்போது கீழ்ப்பட்டியை இறுக்காமல், இருபுறமும் இரண்டு அங்குலம் பிளவு விட்டுத் தைக்கவேண்டும். முந்தானை அதை மறைத்துவிடும். காற்று மட்டும் உள்ளே புகும்.

உள்துணி வேண்டுமா, வேண்டாமா என்பதைத் துணியே சொல்லும். ரவிக்கைத் துணியைச் சன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, பின்னால் உங்கள் கையை வையுங்கள். விரல்கள் தனித்தனியே தெரிந்தால் உள்துணி வேண்டும். வெறும் நிழல் மட்டும் தெரிந்தால் வேண்டியதில்லை. வேண்டுமானாலும் முன்புறத்துக்கு மட்டும் மெல்லிய பருத்தியில் வைத்தால் போதும். முதுகையும் கைகளையும் முந்தானையும் துணியின் நிறமும் காத்துக்கொள்ளும். மெல்லிய வெள்ளைத் துணிக்குள்ளே வெள்ளை உள்ளாடை அணிந்தால் அது எடுப்பாக வெளியே தெரியும். தோலின் நிறத்தை ஒத்த உள்ளாடையோ கண்ணுக்குப் புலப்படாது. இது சிறிய செய்திதான். ஆனால் மெல்லிய துணியைத் துணிந்து அணிய இது வழி செய்கின்றது.

அடுத்தது உட்பாவாடை. பளபளப்பான பொலியெஸ்டர் பாவாடை சேலையை நன்றாக வழுக்கி விழச் செய்யும் என்பதால் பலரும் விரும்புவார்கள். அது ஈரத்தை ஏற்பதில்லை. பருத்தி நூல் தன் எடையில் ஏறக்குறைய நூற்றுக்கு எட்டுப் பங்கு ஈரத்தைக் காற்றிலிருந்து தன்னுள் வாங்கிக்கொள்ளும். பொலியெஸ்டர் அரைப் பங்குகூட வாங்காது. எனவே உட்பாவாடை பருத்தியாகவே இருக்கட்டும். மெல்லிய நாடாவுக்குப் பதிலாக ஒன்றரை அங்குல அகலமுள்ள பட்டி வைத்து, பக்கத்தில் கொக்கி போடுங்கள். நாடா ஒரே கோட்டில் அழுத்தித் தோலைப் புண்ணாக்கும். பட்டி அழுத்தத்தைப் பரப்பிவிடும். இரண்டு விரல்கள் எளிதில் நுழையும் அளவே இறுக்கம். கொசுவத்தை எட்டாக ஒடுக்கி மடிப்பதைவிட ஐந்தாக அகலமாக மடித்தால், வயிற்றின்மேல் படியும் துணியின் அடுக்கு குறையும், நடையும் எளிதாகும்.

இப்போது சேலைக்கு வருவோம். தளர்ந்த உடை ஒழுங்காகத் தோன்றவேண்டுமானால், துணிக்குத் தன்னுடைய வடிவத்தைத் தானே தாங்கிக்கொள்ளும் விறைப்பு வேண்டும். துவண்டு விழும் துணி உடம்பில் ஒட்டும். ஒட்டினால் இடைவெளி போயிற்று, உடம்பின் அமைப்பும் வெளியே தெரிந்தாயிற்று. விறைப்பான துணி உடம்பை விட்டுச் சற்று விலகி நிற்கும். நம் பாட்டிமார் பருத்திச் சேலைக்குக் கஞ்சி போட்டதன் பொருள் இதுதான். நாகரிகத்துக்கும் குளிர்ச்சிக்கும் ஒரே மருந்து அது. மருதமுனையிலும் யாழ்ப்பாணத்திலும் நெய்யப்படும் கைத்தறிச் சேலைகளில் மெல்லிய நூலில் நெய்ததைத் தேர்ந்து கஞ்சி போட்டால், அலுவலகத்துக்கு அதைவிடச் சிறந்த உடை வேண்டியதில்லை.

கஞ்சி போடுவதிலும் அளவு உண்டு. மரவள்ளிக் கிழங்கு மாவை ஒரு மேசைக்கரண்டி எடுத்து, குளிர்ந்த நீரில் கட்டியில்லாமல் கரைத்து, ஒரு லீற்றர் கொதிநீரில் ஊற்றிக் கிளறினால் கண்ணாடிபோல் தெளிந்துவரும். அதை மேலும் இரண்டு லீற்றர் நீர் விட்டுத் தளர்த்தி, துவைத்த சேலையை அதில் அமிழ்த்திப் பிழிந்து, நிழலில் உலர்த்தவேண்டும். முற்றாக உலரும் முன்பே, சிறிது ஈரம் இருக்கும்போது இஸ்திரி போடவேண்டும். உலர்ந்த துணியை விரலால் மடித்தால் அது வளையவேண்டும். தாள்போல் நொறுங்கும் ஓசை எழுந்தால் கஞ்சி மிகுந்துவிட்டது என்று பொருள். மிகுந்த கஞ்சி நூல்களுக்கிடையே உள்ள நுண்துளைகளை அடைத்துவிடும். அப்போது பருத்தியும் பிளாஸ்டிக்கும் ஒன்றுதான்.

மலைக்குத் திரும்பும்போது ஒன்றை மறக்கலாகாது. கஞ்சியோடு சேலையைப் பெட்டியில் மடித்து வைத்தால், தலவாக்கலையின் ஈரத்தில் அதில் பூஞ்சணம் பிடிக்கும். வெள்ளிமீன் பூச்சியும் வந்து அரிக்கும். விடுமுறைக்கு ஊருக்கு எடுத்து வருவதைக் கஞ்சி போகத் துவைத்து, நன்றாக உலர்த்திய பிறகே வைக்கவேண்டும்.

நிறத்தைப் பற்றியும் சிறிது சொல்லவேண்டும். தளர்ந்த உடையில் நிறத்தால் வரும் வெப்பம் அவ்வளவு பெரிதன்று என்பதை முன்னரே கண்டோம். நிறத்தைத் தேர்ந்தெடுக்கவேண்டியது வியர்வைக் கறைக்காக. சாம்பல் நிறத்திலும் இளநீலத்திலும் ஈரம் பட்ட இடம் இருண்டு தெரியும். வெள்ளையிலும் கருநீலத்திலும் சிறு பூ வேலைப்பாடு கொண்ட துணியிலும் அது அவ்வளவாகத் தெரியாது. ரவிக்கைக்கு இவற்றில் ஒன்றைத் தேர்ந்தால் பிற்பகலிலும் காலையில் வந்ததுபோலவே தோன்றலாம்.

சேலை கட்டாயமில்லாத அலுவலகங்களில் சல்வாரும் நீண்ட கமீசும் அணிவோருக்கும் இதே விதிதான். தோள் அளவாக இருக்கவேண்டும். மார்பில் உடம்பளவைவிட ஐந்து அங்குலம் கூடுதல் வேண்டும். பக்கப் பிளவுகள் இடுப்பெலும்புக்குச் சற்றுக் கீழே தொடங்கவேண்டும். கீழே பிளவும் மேலே கழுத்தும் காற்றின் இரண்டு வாய்களாக அமைவதால், சேலையைவிடக் கமீசே புகைபோக்கி முறைக்கு நெருங்கியது. தலையை மூடிக்கொள்ளும் முஸ்லிம் சகோதரிகள், உள்ளே அணியும் இறுக்கமான தொப்பியைப் பருத்தியிலும், மேலே போடும் துணியை மெல்லிய வொயிலிலும் வைத்துக்கொண்டால் கழுத்தில் புழுக்கம் குறையும். வெப்பம் அடைபடுவது மேல்துணியிலன்று, உள்தொப்பியிலேதான்.

குளிரூட்டிய அலுவலகங்கள் மற்றொரு சிக்கலைத் தருகின்றன. பேருந்தில் 31 பாகை. அறைக்குள் 24 பாகை. வியர்த்த உடம்போடு உள்ளே நுழைந்தால் நனைந்த ரவிக்கை முதுகில் பனிக்கட்டிபோல் குளிரும். ஊரிலிருந்து கொண்டுவந்த கம்பளிச் சட்டையை அதற்காக வழியெல்லாம் அணிந்து வரவேண்டியதில்லை. உள்துணி இல்லாமல் தைத்த மெல்லிய பருத்தி மேற்சட்டை ஒன்றையோ, சால்வை ஒன்றையோ பையில் வைத்திருந்து, உள்ளே சென்ற பின் ஈரம் ஆறும்வரை சற்றுப் பொறுத்து அணிந்துகொள்ளலாம். வெளியே வரும்போது கழற்றிவிடவேண்டும். பல அடுக்காக உடுத்துவதன் நன்மை, வேண்டியபோது ஓர் அடுக்கைக் குறைக்க முடிவதில்தான் இருக்கின்றது.

இந்த முறைக்கும் எல்லை உண்டு. காற்றே அசையாத, மின்விசிறியில்லாத அறையில் எவ்வளவு தளர்ந்த உடையும் பெரிதாகப் பயன் தராது. அங்கே செய்யவேண்டியது சன்னலைத் திறப்பதே. பருத்தியும் முழுவதும் நனைந்துவிட்டால் விரைவில் உலராது. நெடுந்தூரம் நடந்து வருவோர் மாற்று உள்ளாடை ஒன்று வைத்திருக்கவேண்டும். தலைசுற்றலும் குமட்டலும் சேர்ந்து வந்தால் அது உடையின் குறையோடு நிற்பதன்று. உடனே நிழலில் அமர்ந்து, இறுக்கத்தைத் தளர்த்தி, நீர் அருந்தவேண்டும். அரைமணி நேரத்தில் தெளியாவிட்டால் மருத்துவரை நாடவேண்டும். பேச்சுத் தடுமாறினாலோ மயக்கம் வந்தாலோ ஒரு நிமிடமும் காத்திராமல் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லவேண்டும்.

புதிதாகத் தைத்த உடை சரியானதா என்பதை முதல்நாள் மாலை வீடு திரும்பியதும் கண்ணாடி முன் நின்று பார்த்தால் தெரிந்துவிடும். இடுப்பிலும் புயத்திலும் ரவிக்கையின் கீழ்விளிம்பு பட்ட இடத்திலும் சிவந்த கோடு பதிந்திருந்தால், அந்த இடத்தில் காற்றின் வழி அடைபட்டிருக்கின்றது. எங்கே கோடு விழுந்ததோ, அங்கே தையலை அரை அங்குலம் பிரித்துவிடுங்கள். தோளில் மட்டும் கை வைக்காதீர்கள்.